காப்பு வரம்பு எங்கே முடிகிறது? மூத்த பயணியின் பிரீமியமும் முன்நோய் விலக்கும்: கடலூர், சிதம்பரம் பகுதியை முன்வைத்து

வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டின் பிரீமியத்தை ஒப்பிடும் ஆய்வுகளில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. காப்பு வரம்பு, பயணியின் வயது, முன்பே இருக்கும் நோய்க்கான விலக்கு ஆகிய மூன்றையும் தனித்தனிக் காரணிகளாக வைத்து, ஒவ்வொன்றும் பிரீமியத்தை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று கணக்கிடுவார்கள். முப்பது வயதுப் பயணிக்கு இந்த முறை பெரிய பிழை எதையும் தராது. ஆனால் கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா புறப்படும் ஓய்வூதியருக்கு அது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அவர் விஷயத்தில் மூன்றாவது காரணி முதல் காரணியையே மாற்றிவிடுகிறது. பாலிசியின் முகப்பில் இருக்கும் தொகை ஒன்று. அவருக்கு வர அதிக வாய்ப்புள்ள நோய்க்குக் கிடைக்கும் தொகை வேறொன்று. இரண்டாவதைப் பார்க்காமல் முதலாவதை வைத்துச் செய்யும் ஒப்பீடு, பல நேரங்களில் வரிசையையே தலைகீழாகக் காட்டுகிறது.

வயதுக்காகக் கொடுக்கும் கூடுதல் எதற்கு?

சிதம்பரத்திலிருந்து சென்னைக்கு ஐ.ஆர்.சி.டி.சி. வழியே பயணச்சீட்டு எடுப்பவர், விரும்பினால் 45 காசு செலுத்திக் காப்பீடு பெறலாம். ரயில் விபத்தில் இறப்பு நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய், மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் ரூபாய் வரை. இருபது வயது மாணவருக்கும் எழுபது வயது முதியவருக்கும் அதே 45 காசுதான். சர்க்கரை உண்டா, இதய அறுவை நடந்ததா என்று யாரும் கேட்பதில்லை. காப்பீடு செய்யப்படுவது விபத்து மட்டுமே. ரயில் தடம் புரள்வதற்கும் பயணியின் உடல்நிலைக்கும் தொடர்பில்லை.

வெளிநாட்டுப் பயண பாலிசியிலோ அறுபது, எழுபது என்று வயது வரம்பு ஒவ்வொன்றையும் தாண்டும்போது பிரீமியம் படிப்படியாக ஏறுகிறது. அந்தக் கூடுதல் தொகையின் பெரும்பகுதி நோய்க்கான விலை என்று இதிலிருந்து கொள்ளலாம். அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. அறுபத்தேழு வயதில் ஒருவருக்கு வரக்கூடிய திடீர் நோய்களில் கணிசமானவை அவருடைய பழைய சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றின் தொடர்ச்சி. வயதின் பெயரால் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு, அந்தத் தொடர்ச்சியை விலக்குப் பிரிவின் கீழ் நீக்கினால், பயணி செலுத்திய கூடுதல் தொகை எதை வாங்கியது? எலும்பு முறிவு, புதிதாக வரும் தொற்று, குடல்வால் அழற்சி போன்றவை மிஞ்சுகின்றன என்பது உண்மை. அவற்றைச் சிறியவை என்று தள்ள முடியாது. ஆனாலும் வயதையும் விலக்கையும் தனித்தனியே கணக்கிடும் முறையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

மேலும், வயது விலையை மட்டும் மாற்றுவதில்லை. பல பாலிசிகளில் அறுபதைக் கடந்தவர்களுக்கு அறை வாடகை, தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவை மருத்துவர் கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் துணை வரம்பு வைக்கப்படுகிறது. இளையவருக்கு முழுத் தொகையாக நிற்பது, மூத்தவருக்குக் கூறுகளாகப் பிரிந்துவிடுகிறது.

2021 தீர்ப்பை எப்படி வாசிப்பது?

இந்த வாதத்துக்கு எதிராகப் பெரும்பாலும் காட்டப்படுவது உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பர் 6 அன்று அளித்த தீர்ப்பு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனம் எதிர்த்தரப்பு, நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், பி.வி. நாகரத்னா ஆகியோர் விசாரித்தனர். 2009இல் திருமணம் ஒன்றுக்காக அமெரிக்கா சென்ற ஒருவர், சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் வியர்த்துச் சோர்ந்தார். மருத்துவமனையில் ரத்தக்குழாய் அடைப்பு நீக்கப்பட்டு மூன்று ஸ்டென்டுகள் பொருத்தப்பட்டன. தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதை அவர் படிவத்தில் எழுதியிருந்தார். மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகே பாலிசி வழங்கப்பட்டது. ஆனால் அவர் உட்கொண்ட கொழுப்புக் குறைப்பு மாத்திரையைச் சொல்லவில்லை, நோய் முன்பே இருந்தது என்று கூறி நிறுவனம் இழப்பீட்டை மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையமும் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கி, அவருக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது.

இதிலிருந்து எடுக்கப்படும் முடிவு எளிமையானது: நோயைச் சொல்லிவிட்டால் காப்பு உண்டு, ஆகவே விலக்குப் பிரிவு ஒப்பீட்டில் பெரிய எடை பெறத் தேவையில்லை. தீர்ப்பின் நெறி இந்த வாசிப்புக்கு ஓரளவு இடம் தருகிறது. படிவத்தில் சொல்லப்பட்ட நோய்நிலையை மதிப்பிட்டுப் பாலிசி கொடுத்த பிறகு, அதே நோய்நிலையைக் காட்டி மறுக்க முடியாது என்று நீதிமன்றம் தெளிவாகவே சொல்கிறது. ஐயத்துக்கு இடமான பிரிவை, அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகப் பொருள்கொள்ள வேண்டும் என்ற கோட்பாட்டையும் விரிவாக எடுத்தாள்கிறது.

ஆனால் அதே தீர்ப்பு, காப்பீட்டாளரின் கடமையை வரையறுக்கும் இடத்தில் ஓர் எல்லையையும் இடுகிறது. பாலிசியில் வெளிப்படையாக விலக்கப்படாத திடீர் நோய்க்கே அந்தக் கடமை என்கிறது. இந்த எல்லைதான் முந்தைய வாசிப்பில் தவறவிடப்பட்டது என்று கருதுகிறேன். வழக்கின் மையம் மறைத்தலா இல்லையா என்பது. சொன்னவரை மறைத்தவர் என்று குற்றம் சாட்ட முடியாது என்பதே தீர்ப்பின் உறுதியான பயன். 'சர்க்கரை நோயிலிருந்து நேரடியாகவோ அதன் விளைவாகவோ எழும் எந்தச் செலவும் ஏற்கப்படாது. உயிருக்கு ஆபத்தான நிலையில் இத்தனை டாலர் வரை மட்டும்' என்ற பொருளில் தெளிவாக எழுதி, அதைப் பயணி கையொப்பமிட்டு ஏற்ற பாலிசிக்கு இத்தீர்ப்பு முழுத் தொகையையும் பெற்றுத் தரும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தெளிவான சொற்களுக்கு எதிராக ஐயத்தின் கோட்பாடு வேலை செய்யாது. படிவத்தில் உண்மை எழுதுவது பயணியைப் பாதுகாக்கிறது. பாலிசியின் வரம்பை அது உயர்த்துவதில்லை.

இன்னொரு வேறுபாடும் கவனிக்கப்படவில்லை. உள்நாட்டு மருத்துவக் காப்பீட்டில் முன்நோய்க்கு இருப்பது காத்திருப்புக் காலம். 2024 முதல் அதன் உச்ச அளவு 36 மாதம்; பொறுத்திருந்தால் காப்பு திறக்கிறது. மூன்று மாதப் பயண பாலிசியில் காத்திருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பாலிசி முடியும்போது விலக்கும் அதோடு முடிகிறது. அடுத்த பயணத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. பத்து ஆண்டுகளாக ஆண்டுதோறும் சென்று வந்தவருக்கும் அது ஒருநாளும் தளர்வதில்லை. உள்நாட்டுக் காப்பீட்டு ஆய்விலிருந்து எடுத்த அளவுகோலை இங்கே பொருத்தியவர்கள், நிரந்தர விலக்கைத் தற்காலிகத் தடையாக எடைபோட்டுவிட்டார்கள்.

ஒரு கணக்கு

சிதம்பரத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள அறுபத்தேழு வயதுப் பேராசிரியர் ஒருவர் மூன்று மாதம் அமெரிக்கா செல்வதாகக் கொள்வோம். கீழே வரும் தொகைகள் முறையை விளக்க நான் வைத்துக்கொண்டவை. எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலும் ஆகாது.

முதல் பாலிசி: வரம்பு 50,000 டாலர், பிரீமியம் 12,000 ரூபாய், முன்நோய் உயிருக்கு ஆபத்தான நிலையை எட்டினால் 5,000 டாலர். இரண்டாவது: வரம்பு 2,50,000 டாலர், பிரீமியம் 20,000 ரூபாய், முன்நோய்க்கு 10,000 டாலர். மூன்றாவது: வரம்பு 1,00,000 டாலர், பிரீமியம் 26,000 ரூபாய், முன்நோயின் அவசர நிலைக்கு 50,000 டாலர்.

முகப்பு வரம்பில் ஆயிரம் டாலருக்கு என்ன விலை என்று பார்த்தால் முதலாவது 240 ரூபாய், இரண்டாவது 80, மூன்றாவது 260. வழக்கமான ஒப்பீடு இரண்டாவதை மலிவென்றும் மூன்றாவதை அதிக விலையென்றும் சொல்லும். முன்நோய்க்குக் கிடைக்கும் ஆயிரம் டாலருக்கு என்ன விலை என்று பார்த்தால் முதலாவது 2,400 ரூபாய், இரண்டாவது 2,000, மூன்றாவது 520. கடைசியில் நின்றது முதலிடத்துக்கு வருகிறது. பேராசிரியருக்கு மாரடைப்பு வந்து, நிறுவனம் அதைச் சர்க்கரையின் விளைவு என்று நிறுவிவிட்டால், இரண்டரை லட்சம் டாலர் பாலிசியில் அவர் கையில் நிற்பது பத்தாயிரம் டாலர்தான். அமெரிக்க மருத்துவமனையில் இதய சிகிச்சைக்கு அது போதாது. அவர் கால் தவறி விழுந்து இடுப்பு முறிந்தால் நிலைமை மாறும்; அப்போது இரண்டாவதே நல்ல பாலிசி. ஆகவே எந்தப் பாலிசி மலிவு என்பது, எந்த நோயை நினைத்துக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. முகப்பு வரம்பை வைத்து வரையும் பட்டியல் இந்த நிபந்தனையை மறைத்துவிடுகிறது.

அரசுகள் விதிக்கும் குறைந்தபட்ச வரம்பும் இதைச் சரிசெய்வதில்லை. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ காப்பு வேண்டும் என்பது ஐரோப்பிய விசா விதி. அவசர சிகிச்சையும், நோயுற்றாலோ இறந்தாலோ தாய்நாடு கொண்டுவருவதும் அதில் அடங்க வேண்டும். அந்த எண் முகப்பு வரம்பு பற்றியது. சர்க்கரை நோயாளிக்கு அதனுள் எவ்வளவு எஞ்சுகிறது என்பதை அது சொல்வதில்லை.

மறுப்புகள்

விலக்கு இல்லாவிட்டால் நோயாளிகள் மட்டுமே பாலிசி எடுப்பார்கள், பிரீமியம் எல்லோருக்கும் எட்டாத உயரத்துக்குப் போகும் என்பார்கள். இருக்கலாம், விலக்கை நீக்கச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம் இல்லை. ஒப்பிடும் முறையைத்தான் மாற்றச் சொல்கிறது. நோயைச் சொன்னால் பிரீமியம் ஏறும், ஆகவே சொல்லாமல் விடுவதே நடைமுறை என்ற வாதத்தை நீண்ட நேரம் எடுத்துப் பேச வேண்டியதில்லை. 2021 தீர்ப்பு தரும் ஒரே பாதுகாப்பையும் அது கைவிடுகிறது.

ஆனால் சொல்லாமல் போவது எல்லா நேரமும் திட்டமிட்டு நடப்பதில்லை. விமானச் சீட்டும் விசாப் படிவமும் பாலிசியும் ஒரே டிராவல்ஸ் கடையில் முடியும்போது, நோய் பற்றிய கேள்வி பயணியின் கண்ணில் படாமலே 'இல்லை' என்று நிரப்பப்படக்கூடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மருத்துவமனையில் படுத்ததில்லை என்பதால் தமக்கு நோயில்லை என்று ஒருவர் நினைக்கலாம். ஆனால் மாத்திரை தொடர்ந்து பெற்றதற்கான பதிவு இருக்கிறது. கோரிக்கை வரும்போது நிறுவனம் கேட்பது அந்தப் பதிவைத்தான்.

ஆகவே பிரீமிய ஒப்பீட்டுப் பட்டியலில் முதல் நிரலாக நிற்க வேண்டியது, அறிவிக்கப்பட்ட முன்நோயின் அவசர நிலைக்குக் கிடைக்கும் தொகை. அடுத்து, விலக்குப் பிரிவில் 'விளைவாக எழும்' என்ற சொற்கள் உண்டா என்பது. பிறகு, வயதை ஒட்டி வரும் துணை வரம்புகள். முகப்பு வரம்பும் பிரீமியமும் இவற்றுக்குப் பின்னரே பொருள் பெறும். அறுபதைக் கடந்த பயணிகளைப் பற்றிய ஆய்வு ஒவ்வொன்றும் இந்த வரிசையில் மீண்டும் செய்யப்பட வேண்டும். அப்படிச் செய்தால், மலிவானவை என்று இதுவரை பரிந்துரைக்கப்பட்ட பாலிசிகளில் பல அந்த இடத்தில் நிலைக்காது என்பது என் உறுதியான எதிர்பார்ப்பு.