இரண்டு திவால்கள், ஒரே ரெப்போ

கடன் பத்திர வியாபாரி தன் கைக்காசில் பத்திரம் வாங்குவது அபூர்வம். 100 கோடி ரூபாய்க்கு ஓர் அரசுப் பத்திரத்தை வாங்கி, அன்றே அதை இன்னொருவரிடம் 98 கோடிக்கு விற்கிறார். கூடவே, குறித்த நாளில் சற்றுக் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போடுகிறார். இதுதான் ரெப்போ. பேருக்கு இது விற்பனை, உண்மையில் ஈட்டுக் கடன். விலை வித்தியாசமே வட்டி. பிடித்துக்கொண்ட இரண்டு கோடியை ‘ஹேர்கட்’ என்பார்கள்.

பத்திரம் 7 சதவீதம் தருகிறது, ரெப்போ வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வியாபாரிக்கு நாளொன்றுக்குச் சுமார் 30,000 ரூபாய் மிஞ்சும். இப்போது பத்திரத்தின் விலை ஒரு சதவீதம் இறங்கட்டும். ஈட்டின் மதிப்பு 99 கோடி ஆகிவிட்டதால், கடன் கொடுத்தவர் 98 லட்சம் ரூபாய் கேட்பார். பத்து மாத லாபத்தை ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும். நகைக்கடன் கொடுத்தவர் தங்கம் கொஞ்சம் இறங்கினாலும் பெரும்பாலும் தவணைவரை பொறுப்பார். ரெப்போவில் ஈட்டை அன்றாடம் மதிப்பிடுவார்கள். இந்த மார்ஜின் அழைப்புக்குப் பணம் இல்லையென்றால் ஈடு சந்தைக்குப் போய்விடும்.

இந்தக் கணக்கு பெரிய அளவில் பொய்த்த இரண்டு இடங்கள், கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியும் நியூயார்க்கின் எம்.எஃப். குளோபலும். முதலாவது 1994இல் திவாலானது, இரண்டாவது 2011இல்.

ஆரஞ்சு கவுண்டியின் பொருளாளர் ராபர்ட் சிட்ரன். பள்ளிகள், நகராட்சிகள், குடிநீர் அமைப்புகள் ஒப்படைத்திருந்த பொதுப்பணம் சுமார் 750 கோடி டாலர் அவர் கையில் இருந்தது. அதில் வாங்கிய பத்திரங்களை ரெப்போவில் வைத்து மேலும் பத்திரம் வாங்கினார். அவற்றையும் வைத்து இன்னும் வாங்கினார். கையிருப்பு ஏறத்தாழ 2,050 கோடிக்கு வளர்ந்தது. பெரும்பாலும் அரசு சார்ந்த நிறுவனங்களின் பத்திரங்கள் என்பதால், பணம் திரும்பாது என்ற பயம் இல்லை. ஆனால் பத்திரங்கள் ஆண்டுக்கணக்கில் ஓடுபவை, கடனோ சில மாதங்களில் புதுப்பிக்க வேண்டியது. 1994 பிப்ரவரியில் 3 சதவீதமாக இருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி நவம்பரில் 5.5 ஆனது. பத்திர விலைகள் விழுந்தன, மார்ஜின் அழைப்புகள் வந்தன. முதிர்வுவரை வைத்திருந்தால் நட்டம் வெறும் காகிதக் கணக்குதான் என்பது சிட்ரனின் வாதம். சொந்தப் பணத்தில் வாங்கியவருக்கு அது சரி. கடனைப் புதுப்பிக்கும் முடிவு கடன் கொடுத்தவர் கையில் இருக்கும்போது, முதிர்வுவரை வைத்திருக்கும் உரிமை வாங்கியவரிடம் இல்லை. டிசம்பர் 6 அன்று கவுண்டி திவால் மனு போட்டது. நட்டம் சுமார் 164 கோடி டாலர். மொத்தக் கையிருப்பில் அது 8 சதவீதம்தான்; மக்கள் பணத்திலோ ஏறத்தாழ 22 சதவீதம்.

எம்.எஃப். குளோபலின் தலைவர் ஜான் கார்சைன் இந்த ஓட்டையை அடைத்துவிட்டதாகவே தோன்றியது. இத்தாலி, ஸ்பெயின், பெல்ஜியம், போர்ச்சுகல், அயர்லாந்து அரசுகளின் பத்திரங்களை 630 கோடி டாலர் அளவுக்கு வாங்கினார். அவற்றை முதிர்வுநாளுக்கு இரண்டு நாள் முன்புவரை ஓடும் ரெப்போவில் வைத்தார். இடையில் புதுப்பிக்க வேண்டிய அவசியமே இல்லை. அன்றைய கணக்கியல் விதி இதை முழு விற்பனையாகவே கருதியதால், வட்டி வித்தியாசம் முதல் நாளே லாபமாக ஏடேறியது, கடன் இருப்புநிலைக் குறிப்பில் தெரியவில்லை.

தவணை பொருந்தியது, ஆனால் மார்ஜின் விதி அப்படியே இருந்தது. ஐரோப்பியக் கடன் நெருக்கடி முற்ற முற்ற, தீர்வகம் கூடுதல் மார்ஜின் கேட்டது. மூலதனத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்த அந்தப் பத்திரங்கள் வெளியே தெரிந்ததும் மற்றவர்களும் பின்வாங்கினர். அக்டோபர் 24 அன்று மூடீஸ் தரத்தைக் குறைத்தது. 31ஆம் தேதி நிறுவனம் திவால் மனு போட்டது. கடைசி நாட்களில் வாடிக்கையாளர் பணமும் தொடப்பட்டு, சுமார் 160 கோடி டாலர் பற்றாக்குறை வெளிப்பட்டது. அந்தப் பணம் பின்னர் திரும்பக் கிடைத்தாலும், எனக்கு மன்னிக்க முடியாததாகப் படுவது இதுதான்.

இரு இடங்களிலும் பத்திரம் வெளியிட்ட எவரும் கைவிரிக்கவில்லை. 1995இல் அமெரிக்க வட்டி இறங்கியது. ஆரஞ்சு கவுண்டியின் ஈடு அதற்குள் விற்கப்பட்டிருந்தது. ஐரோப்பிய அரசுகளும் அந்தப் பத்திரங்களுக்கு முழுப்பணம் தந்தன, எம்.எஃப். குளோபல் அப்போது இல்லை. சிட்ரனை வீழ்த்தியது வட்டி, கார்சைனை வீழ்த்தியது அரசுகள்மேல் எழுந்த சந்தேகம். காரணம் எதுவானாலும் பாதிப்பு வந்த வழி ஒன்றே: ஈட்டின் விலை இறங்கும் அதே வாரத்தில் ரொக்கம் கேட்கப்படுகிறது.

ஆகவே ரெப்போவில் நிற்கும் எந்த நிறுவனத்தைப் பார்த்தாலும், பத்திரத்தின் தரத்தையும் கடனின் தவணையையும் மட்டும் கேட்டால் போதாது. விலை ஐந்து சதவீதம் இறங்கினால் எவ்வளவு ரொக்கம் எடுத்து வைக்க வேண்டியிருக்கும், அது ஈடு வைக்கப்படாமல் கையில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 2014இல் அமெரிக்கக் கணக்கியல் விதி மாறி, முதிர்வுவரை ஓடும் ரெப்போவும் ஈட்டுக் கடனாகவே ஏட்டில் காட்டப்பட வேண்டியதாயிற்று. கடனின் அளவு இப்போது கண்ணுக்குத் தெரியும். மார்ஜினுக்கு ஒதுக்கிய ரொக்கம் எவ்வளவு என்பதைத் தனியே விசாரித்துத்தான் அறிய வேண்டும்.