வளை அம்புக்குறி

கரிம வேதியியல் வினைவழிமுறையில் ஓர் எலக்ட்ரான் இரட்டை எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பதைக் காட்டும் குறி. கெர்மாக், ராபின்சன் இருவரும் 1922-இல் இதைக் கையாண்டனர். அணுவின் நகர்வை இது காட்டாது.

அசிட்டால்டிஹைடுடன் HCN சேரும் வினையில், சயனைடு கார்பனின் தனித்த இரட்டையிலிருந்து கார்பனைல் கார்பனுக்கு முதல் அம்பு வரும். மாணவர்கள் பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது அந்தக் கார்பனுக்கு ஐந்து பிணைப்புகள் ஆகிவிடும். ஆகவே இரட்டைப் பிணைப்பிலிருந்து ஆக்சிஜனுக்கு இன்னோர் அம்பு அதே படியில் வேண்டும். அடுத்து, ஆக்சிஜனின் இரட்டையிலிருந்து HCN-இன் ஹைட்ரஜனுக்கு ஓர் அம்பு. H–C பிணைப்பிலிருந்து கார்பனுக்கு மற்றொன்று. ஹைட்ரஜனிலிருந்து அம்பைத் தொடங்குவது தவறு. இரு படிகளிலும் வினை அம்புக்கு முன்னும் பின்னும் மொத்த மின்சுமை −1 ஆகவே இருக்க வேண்டும். மாறியிருந்தால் ஏதோ ஒரு குறி விடுபட்டிருக்கிறது.