பிரிதள முனைவர் ஆய்வு விளக்கம்

ஆய்வுப் பணி இரு நிறுவனங்களில் பிரிந்து நடப்பதற்கான காரணத்தை ஆய்வுக் கேள்வியிலிருந்தே நிறுவும் விண்ணப்பப் பகுதி. தாய்நாட்டுப் பல்கலைக்கழகம் மட்டும் பட்டம் வழங்கி, இடையில் சில காலம் அயல்நாட்டில் பணி நடந்தால் அது இடைச்செருகல் முறை. இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து பட்டம் வழங்கினால் கூட்டு முறை.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் குகை ஓவியங்களின் வண்ணம் எந்தப் பிணைபொருளால் சுண்ணப் பூச்சில் ஒட்டியுள்ளது என்ற கேள்வி பணியை இவ்வாறு பிரிப்பதற்குத் தகுந்த எடுத்துக்காட்டாகும். ஓவியத்தைப் பெயர்த்துச் செல்ல முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னமாதலால் தொல்லியல் துறையின் அனுமதியின்றித் துகளும் எடுக்க இயலாது. ஆகவே பரப்பைப் பதிவு செய்து, சிதைவை வரைந்து, மாதிரி எடுக்கும் இடங்களைத் தேர்வது உள்ளூர்ப் பணியாகவும், கரிமப் பசையை இனங்காணும் நுண்பகுப்பாய்வு அதற்குரிய ஆய்வகம் உள்ள நிறுவனத்தின் பணியாகவும் அமையும். முடிவுகளைச் சுவரோடு ஒப்பிட ஆய்வாளர் மீண்டும் குகைக்கு வர வேண்டும்.

இத்திரும்புதலுக்குக் கால அட்டவணையில் இடமில்லாத விளக்கம் குறையுடையது. இரண்டாம் நிறுவனத்தை நீக்கினாலும் கேள்விக்கு விடை கிடைக்குமெனில், பணியைப் பிரிப்பதற்கு நியாயம் இல்லை.