நடுப்பக்கம் தின்ற எண்கள்

1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் ராமேஸ்வர யாத்திரை எளிதாயிற்று. 22 தீர்த்தங்களின் பெருமை சொல்லும், நடுவில் பின் அடித்த சிறு புத்தகங்கள் நம்மில் பலர் வீட்டில் இருந்திருக்கும்.

எழுபதுகளில் ராமநாதபுரத்து அச்சகம் ஒன்றில் நானும் அப்படியொன்றுக்குப் பக்கம் கட்டினேன். 96 பக்கம், ஒன்றுக்குள் ஒன்றாக 24 தாள். பின் அடித்து ஓரம் வெட்டியதும் 48, 49-ஆம் பக்க எண்கள் பாதி காணோம். ஆயிரம் பிரதியும் வீண்.

காரணம் தாளின் கனம். உள்ளே செருகும் ஒவ்வொரு தாளையும் வெளித்தாளின் மடிப்பு சற்று முன்னே தள்ளுகிறது. கனம் 0.1 மி.மீ. என்றால், 23 தாளுக்கு உள்ளே இருக்கும் நடுத்தாள் 2.3 மி.மீ. நீண்டு நிற்கும். கத்தி அதை வெட்டிவிடும்.

மூத்த கம்போசிட்டர் சொன்னார்: “தம்பி, அதே தாளில் டம்மி மடிச்சு, பின் அடிச்சு, ஓரம் வெட்டு. ஓரத்துப் பக்கம் ஊசியால குத்திப் பிரிச்சுப் பாரு.”

பார்த்தேன். உள்ளே போகப் போக துளை மடிப்பை நெருங்கியது. எழுத்தும் அப்படியே நெருங்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே வைத்த 2 பாயிண்ட் ஈயத்தகட்டில் ஒன்றை எடுத்தால், பக்கம் ஒவ்வொன்றும் 0.35 மி.மீ. உள்ளே நகரும், ஏறக்குறைய மூன்று தாள் கனம். எனவே மூன்று தாளுக்கு ஒரு தகடு குறைத்தேன். கடைசி மூன்று தாளில் ஏழு தகடு குறைந்தன.

மறுபடி அச்சிட்டதில் எண்கள் தப்பின. வெளி ஓரமும் ஒரே சீராக நின்றது. நடுப்பக்கத்தில் மடிப்போர இடம் மட்டும் 12 மி.மீ.யிலிருந்து ஒன்பதரையாகக் குறைந்தது. அதற்கும் இடமில்லாத தடிப் புத்தகத்தைப் பகுதி பகுதியாக மடித்து நூலால் தைப்பதே சரி.