எண்பது பங்குகளின் பயணம்

எங்கள் தெருவில் ரேயான் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவர் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். உல்லாஸ்நகர் முதல் கேம்ப்பிலிருந்து ஷஹாட் நிலையத்துக்கு நடந்து போகும் எவருக்கும் அந்த ஆலையின் புகைபோக்கி பழக்கம். 1949இல் சிந்தி அகதிகளின் முகாமுக்கு ராஜாஜி அடிக்கல் நாட்டி உல்லாஸ்நகர் என்ற பெயர் வந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் செஞ்சுரி ரேயான் இங்கே நூல் இழுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பலருக்கு அந்த ஆலைதான் சோறு போட்டது.

சென்ற வருடம் அண்ணாச்சி டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். உள்ளே மடிப்பு விழுந்து பழுப்பேறிய பங்குச் சான்றிதழ்: ஃபோலியோ எண், பங்குகளின் வரிசை எண்கள், கம்பெனி முத்திரை. செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸ் அண்டு இண்டஸ்ட்ரீஸ், 80 பங்குகள். தொண்ணூறுகளில் வாங்கியது, விலை அவருக்கே நினைவில்லை. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் என்னிடம் கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, பேரன் போன்ல பார்த்தான். விலை ரெண்டாயிரத்துக்கு மேலங்கான். பக்கத்துலயே பி.இ. நானூறுக்கு மேலன்னு போட்டிருக்கு. நானூறு மடங்குன்னா இது ஏமாத்துதானே, வித்துட்டு வந்துரலாமாங்கான். என்ன சொல்லுதிய?"

அந்த நானூறைப் புரியவைக்க, அந்தக் காகிதம் கடந்து வந்த வழியைத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

பி.இ. விகிதம் போடுவது சுலபம். பங்கின் விலையை, ஒரு பங்குக்கு விழும் ஓராண்டு லாபத்தால் வகுக்க வேண்டும். 2024 மார்ச்சோடு முடிந்த நிதியாண்டில் இந்தக் கம்பெனியின் நிகர லாபம் ஏறத்தாழ 50 கோடி ரூபாய். பங்குகள் 11 கோடியே 17 லட்சம் சொச்சம். ஒரு பங்குக்கு நாலரை ரூபாய் விழுகிறது. 2,000 ரூபாயை நாலரையால் வகுத்தால் 444. பேரன் பார்த்தது சரிதான். ஆனால் மேலே நிற்கும் விலை, இனி வரப்போவதைப் பற்றிப் பல ஆயிரம் பேர் சொல்லும் அபிப்பிராயம். கீழே நிற்கும் லாபம், முடிந்துபோன ஆண்டின் கணக்கு. 444 என்று வந்தால், இதே நாலரை ரூபாய்க்காக 444 வருடம் காத்திருக்க சந்தை சம்மதிக்கிறது என்று அர்த்தமில்லை. நாலரை ரூபாய் இப்படியே நிற்காது என்று சந்தை நினைக்கிறது, அவ்வளவுதான். எதை வைத்து அப்படி நினைக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் கம்பெனி 1897இல் மும்பை வர்லியில் ஒரு பஞ்சாலையாகப் பிறந்தது. 1986இல் சென்செக்ஸ் தொடங்கியபோது அதன் முப்பது பங்குகளில் ஒன்று. துணி, ரேயான் நூல், சிமென்ட், காகிதம் என்று கிளை விரித்தது. அண்ணாச்சி வாங்கிய நாளில் அந்தக் காகிதத்துக்குள் இவை அத்தனையும் இருந்தன. நூல் விற்றால் லாபம், சிமென்ட் விற்றால் லாபம். அப்படிப்பட்ட கம்பெனியில் சென்ற ஆண்டு லாபம் அடுத்த ஆண்டுக்கு ஓரளவு வழி காட்டும், பி.இ.யும் ஓரளவு பேசும்.

பிறகு அந்தக் காகிதத்துக்குள் இருந்தவை ஒவ்வொன்றாக இடம் மாறின. 2018இல் எங்கள் ஊர் ரேயான் ஆலையை 15 ஆண்டுகளுக்கு நடத்தும் உரிமை கிராசிம் கம்பெனிக்குப் போனது, 600 கோடி ரூபாய்க்கு. பணம் முன்கூட்டியே வருகிறது, ஆனால் அது 15 வருடத்துக்கான பணம். பதினைந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 40 கோடி. கையில் வந்த காசும் ஏட்டில் ஏறும் லாபமும் ஒரே நாளில் நடப்பவை அல்ல என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

2019 அக்டோபரில் சிமென்ட் தொழில் பிரிந்து அல்ட்ராடெக்கோடு சேர்ந்தது. எட்டு செஞ்சுரி பங்குக்கு ஒரு அல்ட்ராடெக் பங்கு. அண்ணாச்சியின் எண்பதுக்குப் பத்து. இந்த இடத்தில் பி.இ. பார்ப்பவர்கள் ஏமாந்துபோக நல்ல வாய்ப்பு உண்டு. பிரிந்த அன்று செஞ்சுரியின் விலை கீழே வந்துவிடும், ஏனென்றால் சிமென்ட் போய்விட்டது. ஆனால் பழைய ஆண்டின் மொத்த லாபத்தில் சிமென்ட் லாபமும் கலந்திருக்கும். புதிய விலையைப் பழைய லாபத்தால் வகுத்தால் பங்கு மலிவாகத் தெரியும். வீட்டில் பாதியை விற்றபிறகு முழு வீட்டின் வாடகையை வைத்து விலை பேசுவது போன்றது அது. மேலே உள்ள விலையும் கீழே உள்ள லாபமும் ஒரே கம்பெனியைக் குறிக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். தொழில் பிரிந்த, விற்கப்பட்ட ஆண்டுகளில் முடிவு அறிக்கையில் 'தொடரும் தொழில்கள்', 'கைவிடப்பட்ட தொழில்கள்' என்று லாபத்தைத் தனித்தனியாகக் காட்டியிருப்பார்கள். தொடரும் தொழிலின் வரியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் மிஞ்சியது நிலம். வர்லியில் மூடப்பட்ட பஞ்சாலை நின்ற இடத்தில் பிர்லா நியாரா என்ற வானளாவிய குடியிருப்பு எழுகிறது. 2024இல் கம்பெனி தன் பெயரையே ஆதித்ய பிர்லா ரியல் எஸ்டேட் என்று மாற்றிக்கொண்டது. 2025 மார்ச் கடைசியில் காகித ஆலையையும் ஏறத்தாழ 3,500 கோடிக்கு ஐ.டி.சி.க்கு விற்பதாக அறிவித்தது. நூலும் சிமென்டும் காகிதமுமாக இருந்த சான்றிதழ் இப்போது ஒரு கட்டுமானக் கம்பெனியின் துண்டு.

அந்த நானூற்று நாற்பத்து நாலுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நூல் விற்றால் அந்தக் காலாண்டிலேயே வருமானம். வீடு அப்படியில்லை. 2018 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கும் கணக்கு விதிப்படி, பெரும்பாலான கட்டுமானக் கம்பெனிகள் வீட்டை வாங்குபவரிடம் ஒப்படைக்கும்போதுதான் அதை வருமானமாக எழுதுகின்றன. இன்று முன்பதிவு ஆகும் வீடு நாலைந்து வருடம் கழித்துத்தான் லாப நட்டக் கணக்கில் ஏறும். அதுவரை வாங்குபவர் தவணை தவணையாகக் கொடுக்கும் பணம் கம்பெனி வீடாகக் கொடுத்துத் தீர்க்கவேண்டிய பொறுப்பாக ஏட்டில் நிற்கும். ஆனால் விளம்பரச் செலவும் ஊழியர் சம்பளமும் அந்தந்த ஆண்டே லாபத்திலிருந்து கழியும். ஆக, கம்பெனி வேகமாக வீடு விற்கும் வருடங்களில்தான் அதன் லாபம் மெலிந்து காணும்.

அப்படியே நடந்தது. 2025 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் முன்பதிவு 8,000 கோடியைத் தாண்டியது, முந்தின ஆண்டைப்போல் இரண்டு மடங்கு. அதே ஆண்டு கம்பெனி நட்டம் காட்டியது. நட்டத்தால் விலையை வகுத்தால் பொருளில்லை என்பதால் பி.இ. இருக்க வேண்டிய இடம் வெறுமையாகிவிடும். முந்தின ஆண்டு 444, அடுத்த ஆண்டு ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவில் கம்பெனி தலைகீழாக மாறிவிடவில்லை.

அண்ணாச்சிக்குக் கணக்கை நான் திருப்பிப் போட்டுக் காட்டினேன். விலை 2,000, பங்குகள் 11.17 கோடி. பெருக்கினால் முழுக் கம்பெனிக்கும் சந்தை வைக்கும் விலை 22,000 கோடிக்குச் சற்று மேல். நிலைத்து நடக்கும் தொழிலுக்கு லாபத்தைப்போல் 25 மடங்கு கொடுக்கலாம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 22,000 கோடிக்குத் தேவைப்படும் லாபம் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 கோடி. இருந்ததோ 50 கோடி. விலை சொல்வது இதுதான்: ஒருநாள் இந்த 50, 900 ஆகும். ஆகுமா? ஆண்டுக்கு 8,000 கோடிக்கு விற்று, நிலம், கட்டுமானம், வட்டி, வரி எல்லாம் போக ரூபாய்க்குப் பன்னிரண்டு காசு மிஞ்சினால் 960 கோடி. பன்னிரண்டு காசு என்பது நான் வைத்துக்கொண்ட எண். எட்டுக் காசுதான் மிஞ்சும் என்றால் 640 கோடி, விலை அதிகம் என்று ஆகிவிடும்.

"அப்போ ஏமாத்து இல்லங்கிய."

"ஏமாத்து இல்லை அண்ணாச்சி. ஆனா வாக்குறுதி. நிறைவேறலாம், நிறைவேறாமலும் போகலாம்."

எதிர்பார்ப்பு எப்படி உடையும் என்பதற்கும் இந்தக் கம்பெனியின் கதையிலேயே உதாரணம் உண்டு. வர்லியில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புக்காக மாநகராட்சி ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் குத்தகைக்குக் கொடுத்த ஆறு ஏக்கர் நிலம் யாருக்கு என்று வழக்கு நடந்தது. 2022இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நிலத்தைக் கம்பெனிக்கு எழுதித்தரச் சொன்னது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஏழைத் தொழிலாளருக்கு வீடு கட்டக் கொடுத்த நிலம் அது, அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். லாப நட்டக் கணக்கில் அந்த நிலத்துக்கு ஒரு வரிகூட இருக்காது. ஆனால் அது நமக்கே என்று நம்பி விலை கொடுத்தவர் இழந்தார். அதிக பி.இ.யில் வாங்குபவர் சுமப்பது இந்த வகை ஆபத்தைத்தான்: இன்னும் பிறக்காத லாபத்துக்கு முழு விலையை இன்றே கொடுத்துவிடுகிறார்.

நேர்மாறான பொறியும் வரும். காகித ஆலையை விற்ற பணம் கைக்கு வந்து, அதில் லாபம் நின்றால், அது அந்த ஓராண்டுக் கணக்கில் குவியும். அந்த ஆண்டு பி.இ. திடீரென்று மலிவாகத் தெரியும். அது திரும்ப வராத லாபம். முடிவு அறிக்கையில் 'விதிவிலக்கான இனங்கள்' என்ற வரியையும் கைவிடப்பட்ட தொழிலின் வரியையும் கழித்துவிட்டு மறுபடி வகுத்துப் பார்க்க வேண்டும்.

அண்ணாச்சி காகிதத்தைத் திரும்ப மடித்தார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு காகிதமாக வைத்திருக்கும் பங்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றி விற்க முடியாது, டீமேட் ஆக்க வேண்டும் என்று சொன்னேன். அல்ட்ராடெக் பத்துப் பங்கு தனக்குச் சேர வேண்டியது என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அப்போது அந்தப் பங்கு ஒன்றின் விலை பத்தாயிரத்துக்கு மேல் இருந்தது. பெட்டியில் இருந்த காகிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஆலைப் பங்கு இருந்தால், பி.இ.யை மட்டும் பார்த்து விற்கவோ வைத்துக்கொள்ளவோ முடிவெடுக்காதீர்கள். கட்டுமானக் கம்பெனி என்றால் காலாண்டு அறிக்கையில் மூன்று எண்களைத் தேடுங்கள்: எவ்வளவுக்கு முன்பதிவு, அதில் எவ்வளவு பணம் வசூல், எந்தக் கட்டடத்துக்குக் குடியேற்றச் சான்றிதழ் கிடைத்தது. அண்ணாச்சி பேரனிடம் இப்போது விலை கேட்பதில்லை. "வர்லிக் கட்டடத்துக்கு ஓ.சி. வந்துட்டாடே?" என்றுதான் கேட்கிறார்.