மைனர் பங்கும் முன் அனுமதியும்: தந்தை இறந்தபின் விற்கப்படும் நிலம் பற்றி ஓர் ஆய்வு

சேலம், நாமக்கல் சமவெளியில் எழுதப்படும் கிரையப் பத்திரங்களில் ஒரு வாசகம் அடிக்கடி கண்ணில் படும். கணவனை இழந்த தாய், ‘தனக்காகவும், தன் மைனர் பிள்ளைகளுக்குத் தாயும் கார்டியனுமாகவும், குடும்ப அவசியத்தை முன்னிட்டு’ நிலத்தை விற்பதாக அது சொல்லும். மருத்துவக் கடன், படிப்புச் செலவு என்று காரணங்களும் அதிலேயே அடுக்கப்பட்டிருக்கும். நீதிமன்ற அனுமதி ஏன் வாங்கவில்லை என்று கேட்டால், ‘பிதுரார்ஜித சொத்துக்கு அது வேண்டியதில்லை’ என்ற பதில் தயாராக இருக்கும். இந்தப் பதில் ஒரு காலத்தில் பெரும்பாலும் சரியாக இருந்தது. இன்று, தந்தை இறந்து பிள்ளைகளுக்கு வந்த நிலத்தைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1956-க்கு முன்பு இந்து மைனரின் சொத்தை இயற்கைக் காப்பாளர் விற்க நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. 1856-இல் பிரிவி கவுன்சில் ஹனுமான் பிரசாத் பாண்டே வழக்கில் வகுத்த விதி போதுமானதாக இருந்தது. அவசியமோ சொத்துக்கு நன்மையோ இருந்தால் விற்பனை நிற்கும். வாங்கியவர் அதை நேர்மையாக விசாரித்தறிந்தாலே போதும். பத்திரத்தில் ‘அவசியம்’ என்று எழுதி வைக்கும் பழக்கம் அந்தக் காலத்தின் எச்சம். 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் இந்த நிலையை மாற்றியது. அதன் 8-ஆவது பிரிவின்படி, இயற்கைக் காப்பாளரான தந்தையோ, அவருக்குப் பின் தாயோ, மைனரின் அசையாச் சொத்தை நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ தானமாகத் தரவோ பரிவர்த்தனை செய்யவோ கூடாது. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் இதே தடை உண்டு. அவசியம் உண்மையாகவே இருந்தாலும் அனுமதி இல்லாவிட்டால் அந்த விற்பனை மைனர் விரும்பினால் கலைக்கத்தக்கதாகிவிடும். அவசியம் என்பது இப்போது வாங்குபவர் பத்திரத்தில் படித்துத் திருப்தி அடையும் விஷயமல்ல, நீதிபதி விசாரித்து எழுத வேண்டிய விஷயம்.

அப்படியானால் ‘பிதுரார்ஜித’ விதிவிலக்கு எங்கிருந்து வந்தது? அதே சட்டத்தின் 6-ஆவது பிரிவு, கூட்டுக் குடும்பச் சொத்தில் மைனருக்குள்ள பிரிக்கப்படாத பங்கை இயற்கைக் காப்பாளரின் அதிகாரத்திலிருந்து விலக்குகிறது. குடும்பத்தில் வயதுவந்த ஒருவர் அத்தகைய சொத்தை நிர்வகித்து வந்தால் மைனரின் பங்குக்குக் காப்பாளர் நியமிக்கப்படமாட்டார் என்கிறது 12-ஆவது பிரிவு. இவற்றைச் சேர்த்துப் படித்த உச்ச நீதிமன்றம், ஸ்ரீ நாராயண் பால் வழக்கில் (1996), குடும்பத் தலைவர் கர்த்தா என்ற நிலையில் கூட்டுச் சொத்தை விற்கும்போது 8-ஆவது பிரிவு குறுக்கே வராது என்றது. தந்தை உயிரோடு இருந்து, பிரியாத குடும்பத்தின் நிலத்தை அவர் விற்றால் இந்தத் தீர்ப்பு இன்றும் பொருந்தும். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. தந்தை இறந்தபின் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொண்டு இதைப் பார்க்கலாம். இராசிபுரம் வட்டத்தில் 3 ஏக்கர் 60 சென்ட், அதாவது 360 சென்ட் நிலம் வைத்திருந்த விவசாயி ஒருவர் 2025-இல் உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். லாரி வாங்கிய கடனும் ஆழ்குழாய்க் கிணறு போட்ட கடனும் மிச்சமிருக்கின்றன. அவருக்கு மனைவி, தாய், 14 வயது மகன், 6 வயது மகள் என நான்கு வாரிசுகள்.

முதலில், நிலம் அவர் தாமே வாங்கியது என்று கொள்வோம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சம பங்கு, ஆளுக்கு 90 சென்ட். பிள்ளைகளின் 180 சென்ட் அவர்களுடைய தனிச் சொத்து. அதை விற்க முன் அனுமதி வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. நிலம் அவருடைய தந்தையிடமிருந்து, உயிலின்றி, 1956-க்குப் பிறகான வாரிசுரிமையாக வந்திருந்தாலும் கணக்கு இதேதான். நம் ஊர்ப் பேச்சில் இது ‘பூர்வீகம்’. ஆனால் சட்டத்தின் பார்வையில் தனிச் சொத்து. கருப்பன் செட்டியார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இந்த நிலையை எடுத்தது. சந்தர் சென் வழக்கில் (1986) உச்ச நீதிமன்றமும் அதையே ஏற்றது. தாத்தா நிலம் என்பதாலேயே அது கூட்டுக் குடும்பச் சொத்தாகிவிடாது. பத்திர எழுத்தர்களின் மரபு வாசகம் முதலில் தவறுவது இங்கேதான்.

இனி, நிலம் உண்மையிலேயே கூட்டுக் குடும்பச் சொத்து என்று கொள்வோம். 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மகளும் பிறப்பாலேயே பங்காளி. தந்தை இறப்பதற்குச் சற்று முன் பாகப்பிரிவினை நடந்ததாகச் சட்டம் கற்பனை செய்துகொள்கிறது. தென்னிந்திய மரபில் கணவனும் பிள்ளைகளும் பிரியும்போது மனைவிக்குப் பங்கு ஒதுக்குவதில்லை. எனவே தந்தை, மகன், மகள் மூவருக்கும் ஆளுக்கு 120 சென்ட். தந்தையின் 120 சென்ட் மீண்டும் நான்கு வாரிசுகளுக்கும் 30 சென்ட் வீதம் போகும். இறுதியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 150 சென்ட், மனைவிக்கும் தாய்க்கும் ஆளுக்கு 30 சென்ட். மொத்த நிலத்தையும் விற்கும் தாய்க்கு அதில் சொந்தம் பன்னிரண்டில் ஒரு பங்குதான். பன்னிரண்டில் பத்துப் பங்கு மைனர்களுடையது. கிரையம் பேசும் இடத்தில் இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு பிள்ளையின் 150 சென்டில் 30 சென்ட் தந்தையிடமிருந்து வாரிசுரிமையாக வந்தது. அது தனிச் சொத்து என்பதால் 8-ஆவது பிரிவுக்குள் நேராக விழுகிறது. மீதி 120 சென்ட் பிறப்பால் வந்தது. எதிர்வாதம் செய்பவர் இதைப் பற்றிக்கொள்ளலாம்: கற்பனைப் பிரிவினை பங்கைக் கணக்கிடுவதற்குத்தான், அதனால் குடும்பம் உண்மையில் பிரிந்துவிடாது என்று வினீதா சர்மா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே, ஆகவே இந்த 120 சென்ட் இன்னும் பிரிக்கப்படாத பங்குதானே என்பார். வாதம் வலுவானதுதான். ஆனால் அது தாய்க்கு விற்கும் அதிகாரத்தைத் தருவதில்லை. பங்காளியாக இல்லாத விதவைத் தாய் கர்த்தா ஆக முடியாது என்று கோவிந்தராம் சுகர் மில்ஸ் வழக்கில் 1965-லேயே தீர்ப்பாகிவிட்டது. இருக்கும் பங்காளிகள் இருவரும் மைனர்கள். கர்த்தா இல்லாத வீட்டில் கர்த்தாவின் அதிகாரத்தை யார் செலுத்துவது? 12-ஆவது பிரிவு ‘வயதுவந்த உறுப்பினர்’ என்று பொதுவாகச் சொல்வதால் தாயும் அதில் அடங்குவார் என்று வாதிட இடமுண்டு. ஆனால் அந்தப் பிரிவு காப்பாளர் நியமனத்தைத் தடுக்கிறதே தவிர, விற்கும் அதிகாரத்தை யாருக்கும் புதிதாக வழங்கவில்லை. அந்த விதிவிலக்கின் உயிர் கர்த்தா என்ற மனிதரில் இருக்கிறது. அவர் போனபின் அதைப் பிடித்துக்கொண்டு கிரையம் எழுதுவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது போன்றது.

அனுமதி பெறுவது பலர் அஞ்சுகிற அளவுக்குச் சிக்கலானதல்ல. தாய் ஏற்கெனவே இயற்கைக் காப்பாளர் என்பதால் தன்னைக் காப்பாளராக நியமிக்கும்படி கேட்கத் தேவையில்லை. நிலம் இருக்கும் எல்லைக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். இராசிபுரத்து நிலம் என்றால் நாமக்கல். 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானபின், ஒரே குடும்பத்தின் நிலம் இரு மாவட்டத்திலும் கிடப்பது இங்கே அரிதல்ல. அப்போது ஏதாவது ஒரு பகுதி அமைந்துள்ள மாவட்டத்தின் நீதிமன்றமே போதும் என்று 8(6) சொல்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு, வாங்குபவர் தர ஒப்புக்கொண்ட விலையையும் வழிகாட்டி மதிப்பையும் காட்ட வேண்டியிருக்கும்.

நீதிமன்றம் பார்ப்பது இரண்டே: மைனருக்கு அவசியமா, அல்லது வெளிப்படையான நன்மையா? தாயின் சிரமம் மைனரின் அவசியம் ஆகிவிடாது. நம் எடுத்துக்காட்டில் லாரிக் கடனும் கிணற்றுக் கடனும் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மேல் நிற்பவை. வட்டி ஏறி நிலம் முழுவதும் ஏலத்துக்குப் போவதைவிட ஒரு பகுதியை விற்றுத் தீர்ப்பது பிள்ளைகளுக்கும் அவசியமே. இதைக் கடன் பத்திரங்களோடு காட்டினால் மனுவுக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் கடனை அடைக்க 100 சென்ட் போதுமென்றால் 360 சென்டுக்கும் அனுமதி கேட்பது ஏன் என்று நீதிபதி கேட்பார்; கேட்கவும் வேண்டும். உறவினருக்கு அறிவிப்பு அனுப்பி விசாரிக்கலாம். பொது ஏலத்தில் விற்கச் சொல்லலாம். மைனர் பங்குத் தொகையை நீதிமன்றத்தில் கட்டச் சொல்லி, அதை முதலீடு செய்ய உத்தரவிடலாம். அனுமதி உத்தரவில் காரணமும் சொத்து விவரமும் எழுதப்பட்டு நீதிபதி கையொப்பமிட்டிருக்க வேண்டும். வாங்குபவர் கேட்டு வாங்க வேண்டியது அந்த உத்தரவின் நகலை. மனு நிராகரிக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சட்டம் கேட்பது முன் அனுமதி என்பதால், கிரையம் முடிந்தபின் ஒப்புதல் தேடுவது பயனற்றது. ஒப்பந்தம் மட்டும் முதலில் எழுதுவதானால், அனுமதி கிடைத்தால்தான் கிரையம், கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்ற நிபந்தனை அதில் இருப்பது இருவருக்கும் நல்லது.

அனுமதியின்றி விற்றால் என்ன ஆகும்? விற்பனை உடனே செல்லாததாகிவிடுவதில்லை. மைனர் வயதுக்கு வந்து மூன்று ஆண்டுகளுக்குள், அதாவது 21 வயது நிறைவதற்குள், அதைக் கலைக்க வேண்டும். தமிழகத்திலிருந்து போன முருகன் எதிர் கேசவ கவுண்டர் வழக்கு (2019) இதன் கடுமையைக் காட்டுகிறது. தாத்தாவின் உயில் வழியே மைனருக்கு உரிமை வர வேண்டிய நிலத்தை, தந்தை அனுமதியின்றி விற்றார். பின்னாளில் மைனர் வழியாக உரிமை கோரியவர்கள், அந்தப் பத்திரங்களை ரத்து செய்யக் கேட்காமலே நிலம் தங்களுடையது என்று வழக்காடித் தோற்றார்கள். கலைக்கத்தக்க பத்திரத்தை உரிய காலத்தில் கலைக்காமல் உரிமை கோர முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2025 அக்டோபரில் கர்நாடகத்தின் சிவப்பா வழக்கில் இந்த நிலை சற்றுத் தளர்ந்தது. வயதுக்கு வந்தவர் வழக்குத் தொடுக்காவிட்டாலும், அதே சொத்தை உரிய காலத்துக்குள் தாமே இன்னொருவருக்கு விற்பது போன்ற ஐயத்துக்கிடமில்லாத செயலாலும் பழைய விற்பனையை மறுக்கலாம் என்று தீர்ப்பானது. வாங்குபவருக்கு இது கூடுதல் ஆபத்து. வழக்கு ஏதும் இல்லை என்ற நிம்மதி இனி போதாது.

சித்தப்பாவோ தாய்மாமனோ கார்டியன் என்று கையெழுத்துப் போட்ட பத்திரத்தின் கதை வேறு. 11-ஆவது பிரிவின்படி அவர்களுக்கு மைனரின் சொத்தைத் தொடவே அதிகாரம் இல்லை. மைனரின் நிலத்தை அக்காள் விற்ற மாதே கவுடா வழக்கில் (2002) அந்த விற்பனை தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கொங்கு வீடுகளில் தாய்மாமன் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பிருந்தாலும் கிரையப் பத்திரத்தில் அந்த மதிப்புக்கு இடமில்லை.

பதிவு ஆகிவிட்டதே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. பத்திரம் பதிவானது அதிகாரம் இருந்ததற்குச் சான்றல்ல. பட்டா தாயின் பெயருக்கு மாறியிருந்தால், மைனர்கள் இருப்பதே பட்டாவிலோ வில்லங்கச் சான்றிலோ தெரியாமல் போகலாம். இறந்தவரின் வாரிசுச் சான்றையும் அதில் உள்ளவர்களின் வயதையும் பார்ப்பதே நம்பத்தகுந்த வழி. நம் எடுத்துக்காட்டில் தாய் அனுமதியின்றி இப்போது விற்றால், மகன் தன் பங்கைப் பொறுத்து 2032 வரையிலும், மகள் தன் பங்கைப் பொறுத்து 2040 வரையிலும் அந்தக் கிரையத்தை மறுக்கலாம்.