எட்டு மணி நேரக் காது

பெரியப்பா முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டினார். வீட்டில் அவர் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். யாராவது கேட்டால், "சத்தமெல்லாம் பழகிப்போச்சு கண்ணு" என்பார். ஆனால் பேத்தி கூப்பிட்டால் திரும்ப மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கட்டைக் குரலில் கூப்பிட்டால் உடனே திரும்புவார். அது பிடிவாதம் என்றுதான் வீட்டில் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் அவரே சொன்னார்: "பேசறது கேக்குது. என்ன பேசறாங்கன்னுதான் தெரியல."

இரைச்சலில் போன காதுக்கு இதைவிடச் சரியான விளக்கம் கிடையாது. உள்காதில், நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட குழலுக்குள், ஒலியை நரம்புக்குக் கடத்தும் ரோமச் செல்கள் இருக்கின்றன. இரைச்சல் முதலில் கொல்வது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள செல்களை. கட்டைக் குரல் அதற்குக் கீழே தப்பித்துக்கொள்ளும். குழந்தைக் குரலும் ச, ஸ மாதிரியான எழுத்துகளும்தான் முதலில் தேயும். செத்த செல் மறுபடி முளைக்காது. ஆக "பழகிப்போச்சு" என்பதன் நேர்ப்பொருள், பழகவேண்டிய செல்கள் இப்போது இல்லை என்பதுதான்.

காது பழகும், ஓய்வு கொடுத்தால் தேறும் என்ற இந்த நம்பிக்கை தறிப்பட்டறையோடு நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் அது சட்டத்துக்குள்ளேயே ஓர் எண்ணாக நுழைந்தது. இந்தக் கட்டுரை அந்த எண்ணைப் பற்றியது.

*

1886. கிளாஸ்கோ நகரம், கப்பல்களும் பாய்லர்களும் செய்யும் ஊர். பாய்லர் தகடுகளை ரிவெட் அடித்து இணைப்பார்கள். வெளியே நிற்பவர்கள் சம்மட்டியால் அடிக்க, ஒருவர் பாய்லருக்கு உள்ளே உட்கார்ந்து ரிவெட்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒரு இரும்பு மணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, வெளியே அடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் அவருடைய வேலை நாள்.

தாமஸ் பார் என்ற காது மருத்துவர் இவர்களில் நூறு பேரைச் சோதித்தார். அன்று கருவி எதுவும் இல்லை. ஒரு சட்டைப்பைக் கடிகாரத்தைக் காதருகே பிடித்து, டிக் டிக் சத்தம் எவ்வளவு தூரம்வரை கேட்கிறது என்று அளந்தார். ஒப்பிட்டுப் பார்க்க வார்ப்புத் தொழிலாளிகளையும் தபால்காரர்களையும் சேர்த்துக்கொண்டார். பாய்லர்காரர் நூறு பேரில் ஒருவருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை. நான்கில் மூன்று பேருக்குப் பொதுக்கூட்டத்தில் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. தபால்காரர்களிடம் அப்படி இல்லை. அதாவது இது வயசுக் கோளாறு இல்லை, வேலைக் கோளாறு.

நோய் தெரிந்துவிட்டது. எவ்வளவு இரைச்சல் அதிகம் என்று சொல்ல மட்டும் அளவுகோல் இல்லை. அது இன்னொரு துறையிலிருந்து வந்தது. 1920களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனப் பொறியாளர்கள், நீளக் கம்பியில் குரல் எவ்வளவு தேய்கிறது என்று கணக்கிட ஓர் அலகு உருவாக்கினார்கள். கிரகாம் பெல் பெயரில் "பெல்", அதில் பத்தில் ஒன்று டெசிபல்.

டெசிபலில் ஒரு வில்லங்கம் உண்டு. அது கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கலில் ஏறும். 10 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்கு. 3 டெசிபல் கூடினாலே இரண்டு மடங்கு. ஒரு தறி 90 டெசிபல் என்றால், அதே மாதிரி இரண்டு தறி 180 இல்லை, 93. "மூணுதானே கூடியிருக்கு" என்று தோன்றும். காதுக்குள் போவது இரட்டிப்பு. இந்த மூன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை முழுக்க அதைச் சுற்றித்தான். (இங்கே வரும் டெசிபல் அளவெல்லாம் மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்பக் கட்டை ஒலிகளைக் குறைத்து எடைபோடும் 'ஏ' வடிகட்டியில் எடுப்பவை.)

*

அளவுகோல் வந்த பிறகும் சட்டம் உடனே வரவில்லை. முதலில் வந்தது நஷ்ட ஈடு. பழைய சட்டப்படி கூலி குறைந்தால்தான் காயத்துக்குப் பணம். காது மந்தமானவரும் சம்மட்டி அடிக்கலாம், கூலி குறையாது, ஆகவே பணமும் இல்லை. 1948இல் ஸ்லாவின்ஸ்கி என்ற தொழிலாளியின் வழக்கில் நியூயார்க் உயர் முறையீட்டு நீதிமன்றம் இதை மாற்றியது. கூலி குறையாவிட்டாலும் செவித்திறன் இழப்பே இழப்புதான் என்றது. 1953இல் விஸ்கான்சின் மாநிலத்திலும் அதே மாதிரி தீர்ப்பு. அதன்பிறகுதான் "எத்தனை டெசிபல் வரை பரவாயில்லை?" என்பது முதலாளிகளுக்கும் காப்பீட்டுக்காரர்களுக்கும் அவசரக் கேள்வியானது.

அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. எட்டு மணி நேரத்துக்கு எல்லை எவ்வளவு? சத்தம் கூடினால் நேரத்தை எவ்வளவு குறைப்பது?

இரண்டாவதற்கு ஒரு நேரடியான விடை இருந்தது. 3 டெசிபல் கூடினால் ஆற்றல் இரட்டிப்பு, எனவே நேரத்தைப் பாதியாக்கு. அமெரிக்க விமானப்படை 1956இல் தன் விதியில் இதையே எழுதியது. ஆனால் 1960களில் ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். இரைச்சலில் இருந்து வெளியே வந்ததும் காது மந்தமாக இருக்கும், சில மணி நேரத்தில் தேறிவிடும். இந்தத் தற்காலிக மந்தத்தை ஆய்வுக்கூடத்தில் அளக்கலாம். ஆலையில் சத்தம் தொடர்ச்சியாக இருக்காது, நடுநடுவே இடைவெளி வரும், அப்போது காது தேறிக்கொள்ளும், ஆகவே 3 ரொம்பக் கறார் என்று முடிவு செய்தார்கள். சிக்கலான வரைபடங்களைச் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் எளிதான ஓர் எண் வந்தது: 5.

1969இல் அமெரிக்க அரசு, தன்னோடு ஒப்பந்தம் செய்யும் நிறுவனங்களுக்கான விதியில் இதைப் போட்டது. ஜான்சன் ஆட்சி முடியும் ஜனவரியில் வந்த வடிவத்தில் எல்லை 85 டெசிபல். நிக்சன் ஆட்சி வந்து மே மாதம் திருத்தியபோது 90 ஆனது. நாலு மாதத்தில் மனிதக் காது மாறவில்லை, ஆட்சிதான் மாறியது. இரண்டு ஆண்டு கழித்து, ஓஷா என்ற புதிய பணிப் பாதுகாப்பு அமைப்பு அதை எல்லா ஆலைகளுக்கும் பொதுவாக்கியது: 90க்கு 8 மணி நேரம், 95க்கு 4, 100க்கு 2.

இடைவெளி வரும் என்ற நம்பிக்கையில்தான் 5 வந்தது, இல்லையா? ஆனால் விதியில் இடைவெளி கட்டாயம் என்று எங்கும் இல்லை. 95 டெசிபலில் நாலு மணி நேரம் ஒரே மூச்சில் நின்றாலும் சட்டப்படி சரி. காரணம் உதிர்ந்துபோய் எண் மட்டும் தங்கிவிட்டது.

*

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொழிலாளி கிரைண்டிங்கில் 1 மணி நேரம் நிற்கிறார், அங்கே 100 டெசிபல். பிறகு பிரஸ் மெஷினில் 2 மணி நேரம், 95 டெசிபல். மீதி 5 மணி நேரம் 80க்கும் கீழே உள்ள இடம்.

நேரச் சராசரி என்பது டெசிபல்களைக் கூட்டி வகுப்பது இல்லை. ஒவ்வொரு இடத்திலும் நின்ற நேரத்தை அங்கே அனுமதித்த நேரத்தால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். வருவது அன்றைய "டோஸ்". ஓஷா கணக்கில் 100க்கு 2 மணி நேரம் அனுமதி, ஒரு மணி நின்றார், பாதி டோஸ். 95க்கு 4 மணி அனுமதி, இரண்டு மணி நின்றார், இன்னொரு பாதி. மொத்தம் 100 சதவீதம், எட்டு மணி சராசரி 90. எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார், மீறவில்லை.

இதே மனிதரை அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனமான நியோஷ் தன் கணக்கில் போடுகிறது. அதன் பரிந்துரை 85, பரிமாற்றம் 3. அதன்படி 100 டெசிபலுக்கு அனுமதி 15 நிமிஷம், 95க்குச் சுமார் 48 நிமிஷம். கூட்டினால் டோஸ் சுமார் 650 சதவீதம், சராசரி 93. ஒரே ஆள், ஒரே மெஷின், ஒரே நாள். ஒரு தாளில் "சரி", இன்னொரு தாளில் ஆறரை மடங்கு.

எந்த எல்லையும் முழுப் பாதுகாப்பு இல்லை. நியோஷின் 1998 மதிப்பீட்டின்படி, 40 ஆண்டு வேலை செய்தால் 85 டெசிபலில் நூற்றுக்கு 8 பேருக்கும் 90இல் 25 பேருக்கும் இரைச்சலால் மட்டுமே கணிசமான செவித்திறன் இழப்பு வரும். 90 என்று எழுதுவது, நாலில் ஒருவரை விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பது. ஐரோப்பா 3ஐத்தான் பின்பற்றுகிறது. இந்தியத் தொழிற்சாலைகளுக்கான மாதிரி விதிகள் எடுத்துக்கொண்டது 90, 95, 100 என்ற அந்தப் பழைய ஏணியைத்தான்.

ஓய்வில் தேறும் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. 2009இல் குஜாவா, லிபர்மேன் இருவரும் எலிகளுக்கு இரைச்சல் கொடுத்துப் பார்த்தார்கள். சில நாளில் செவித்திறன் பழையபடி ஆனது, ரோமச் செல்களும் பத்திரம். ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முனைகளில் பெரும்பங்கு நிரந்தரமாக அழிந்திருந்தது. தேறியது போலத் தெரிந்த காது தேறவில்லை.

*

ஓஷா 90ஐ மாற்றவே இல்லை. ஆனால் 1983இல் இறுதி செய்த திருத்தத்தில், அதற்குக் கீழே 85இல் இன்னொரு கோடு போட்டது. சராசரி 85ஐத் தொட்டால், அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் காதடைப்பான் இலவசமாகத் தர வேண்டும், ஆண்டுதோறும் செவித்திறன் சோதனை செய்ய வேண்டும். 90ஐத் தாண்டினால் இரைச்சலையே குறைக்க முயல வேண்டும், அதுவரை காதடைப்பான் கட்டாயம்.

காதடைப்பான் டப்பாவில் 29 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருந்தால் அது ஆய்வுக்கூட எண். அதில் 7 கழித்து, மீதியைப் பாதியாக்கினால் 11 வரும். பட்டறையில் எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வது நல்லது. எட்டு மணியில் அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைத்தால்கூட, பதினாறில் ஒரு பங்கு நேரம் முழு ஆற்றலும் உள்ளே போய்விடும். அப்புறம் எவ்வளவு உசத்தியான அடைப்பானும் மொத்தத்தில் 12 டெசிபலுக்கு மேல் காக்க முடியாது. பேசுவது கேட்கவில்லை என்று அடிக்கடி கழற்றுவார்கள் பாருங்கள், நஷ்டம் அங்கேதான்.

சோதனையில் முக்கியமானது முதல் ஆடியோகிராம். அதற்கு முன் 14 மணி நேரம் பட்டறைச் சத்தம் இல்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நேற்றைய தற்காலிக மந்தமே அவருடைய இயல்பு என்று பதிவாகிவிடும். பிறகு ஒவ்வோர் ஆண்டின் சோதனையையும் அந்த முதல் தாளோடு ஒப்பிடுவார்கள். 2000, 3000, 4000 ஹெர்ட்ஸில் சராசரியாக 10 டெசிபல் சரிந்திருந்தால் மணி அடிக்க வேண்டும்: 21 நாளுக்குள் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், காதடைப்பான் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். 10 டெசிபல் சரிவு பெரும்பாலும் அந்த ஆளுக்கே தெரியாது. தாளுக்குத் தெரியும்.

நம் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும், அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களில் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு இருந்தது. பத்து தறி ஓடும் ஓட்டுக் கொட்டகைக்கு அந்தச் சட்டம் எந்த வழியாக வந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்த யாரும் யோசித்ததில்லை.

போன வருஷம் பெரியப்பாவை ஆடியோகிராம் எடுக்கக் கூட்டிப்போனேன். கோடு நேராக வந்து 3000க்கு அப்புறம் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. "முன்னாடி எடுத்தது ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் டாக்டர். பெரியப்பா என்னைப் பார்த்தார், கேள்வி அவருக்குக் கேட்கவில்லை. "இல்லைங்க" என்றேன் நான்.